கணவருக்கு எழுதிய நன்றிக் கடிதம் இன்னும் என் கையிலேயே இருக்கிறது

வாசகர் கேள்வி

எனக்கு 47 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருக்கிறார், அவருக்கு 53. ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். இரண்டரை வருடத்துக்கு முன்னால் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷனில் மார்பை எடுத்தார்கள், பிறகு ரேடியேஷன். எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது தமாக்ஸிஃபென் மாத்திரை மட்டும்தான்.

அந்த நாட்களில் அவர் என்னை விட்டு நகரவே இல்லை. கீமோ ஏறும் நாளில் கடையைச் சாத்திவிட்டு வருவார். தினமும் காய்ச்சல் பார்த்து, கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பில் மாட்டியிருந்த டியூப் பாட்டிலை அவரே அளந்து ஊற்றினார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. ஒருமுறை தாங்க முடியாமல் "என்னை விட்டுடுங்க, வேற கல்யாணம் பண்ணிக்கோங்க" என்று அழுதேன். "முதல்ல சாப்பிடு" என்றார், அவ்வளவுதான்.

அவருக்கு நன்றி சொல்லி நாலு பக்கம் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கப் போனால் "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று எழுந்து போய்விடுகிறார். நாலைந்து மாதமாக ஆளே மாறிவிட்டார். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மெலிந்தும் விட்டார். ஆபரேஷனிலிருந்து தனிக் கட்டிலில்தான் படுக்கிறார். என்னைச் சகித்தது போதும் என்று ஆகிவிட்டதோ என்னவோ. வேறு எந்த ஆம்பளையாக இருந்தாலும் என்றைக்கோ விட்டுப் போயிருப்பான். இவருக்குப் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது? அம்மா எனக்கு எழுதி வைத்த ஒன்றரை ஏக்கர் நிலத்தை அவர் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். கடிதத்தின் முதல் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

*— பெயர் வேண்டாம்*

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் கணவரின் உடம்பைப் பற்றிப் பேசிவிட வேண்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள், அதாவது மூன்று மணிக்கு விழிப்பு, எரிச்சல், மெலிவு, சேர்ந்து வந்தால் எங்களைப் போன்றவர்கள் அதைச் சாதாரணமாக விடுவதில்லை. உங்கள் மேல் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று நீங்கள் படித்திருக்கும் அதே அடையாளங்களை நான் ஒரு நோயின் அறிகுறிகளாகப் படிக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஏன் இப்படி?

"அந்தக் கஷ்டத்திலேயே தாங்கியவர், எல்லாம் சரியான பிறகு ஏன் உடைய வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளின் குடும்பத்தாரோடு பேசும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். சிகிச்சை நடக்கும்போது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மருந்து ஏறிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்ப வேண்டும், நடுவில் கடையையும் பார்க்க வேண்டும். பயப்பட அவருக்கு நேரமே இருந்திருக்காது. சிகிச்சை முடிந்ததும் அந்த வேலைகள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகின்றன. பயம் மட்டும் அப்படியே நிற்கிறது. உறவுக்காரர்களும் விசாரிப்பதை நிறுத்திவிடுவார்கள். நோயாளியிடமாவது "இப்ப எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் கணவரிடம் அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் உங்கள் வீட்டில் நடக்கிறது என்று நினைக்கிறேன். உங்களைப் பயமுறுத்திவிடக் கூடாது என்று அவர் தன் பயத்தைச் சொல்வதில்லை. அவருக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று நீங்கள் உங்களுடையதைச் சொல்வதில்லை. இரண்டுமே அன்பினால் செய்வதுதான். ஆனால் மறைப்பவரின் மனம்தான் இதற்கு விலை கொடுக்கிறது. மாரடைப்பிலிருந்து மீண்டுவரும் ஆண்களையும் அவர்கள் மனைவிமாரையும் வைத்து அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 1991-இல் வெளிவந்தது. கணவருக்குத் தெரியாமல் கவலையை அடக்கிக்கொண்ட மனைவிமாருக்கு மன உளைச்சல் கூடுதலாக இருந்தது என்று அதில் தெரிந்தது. உங்கள் வீட்டில் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழித்து மறுபடி தூக்கம் வராமல் இருப்பது மனச்சோர்வு நோயின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. பல ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வருவதில்லை, கோபமாகத்தான் வருகிறது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் அதைச் சுபாவம் கெட்டுவிட்டது என்று தவறாக நினைத்துவிடுகிறார்கள்.

ஆனாலும் எல்லாவற்றையும் மனதின் தலையில் போட்டுவிடக் கூடாது. 53 வயதில் ஓர் ஆண் காரணமில்லாமல் மெலிந்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தைராய்டு, ரத்த சோகை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும். உங்களைக் கவனித்த காலம் முழுவதும் அவர் தனக்கென்று ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்துகொண்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

"மனநல டாக்டரிடம் போகலாம்" என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார். உங்களுடைய அடுத்த செக்கப் நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். "நீங்க மெலிஞ்சுட்டீங்க, எனக்குப் பயமா இருக்கு. அன்னிக்கு உங்களுக்கும் ரத்தம் பாத்துட்டு வந்துடலாம்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அங்கே மருத்துவரிடம் தூக்கத்தையும் எரிச்சலையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பி.ஹெச்.கியூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, எதிலும் நாட்டமின்மை எல்லாம் எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவர் ஒருவர் விரிவாகப் பார்க்க வேண்டும். ஈரோடு போன்ற இடங்களில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்து தேவைப்பட்டால், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "இது வேலை செய்யல" என்று நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் போதைப்பழக்கம் ஆகிவிடும் என்ற பயம் நம் ஊரில் அதிகம், அப்படி ஆகாது. ஆனால் நன்றாகிவிட்ட பிறகும் சில மாதங்கள் சாப்பிட்டு, டாக்டர் சொல்லும்போது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஒரு கேள்வியை மட்டும் டாக்டருக்காகக் காத்திருக்காமல் நீங்களே கேட்க வேண்டும். "மூணு மணிக்கு உக்காந்திருக்கும்போது செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாங்க?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள், அப்படி நடப்பதில்லை. பெரும்பாலும் கேட்ட உடனே ஒரு நிம்மதிதான் வரும். "ஆமாம்" என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடையில் இருக்கும் எலி மருந்து, பூச்சிமருந்து எல்லாம் அவர் கைக்கு எட்டாமல் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

"வேறு ஆம்பளையாக இருந்தால்..."

இப்போது கடன் விஷயத்துக்கு வருகிறேன். நோய் வந்தால் எந்த ஆணும் விட்டுப் போய்விடுவான் என்று நீங்கள் நம்புகிறீர்கள். இந்த நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவில் மூளைக்கட்டி, வேறு புற்றுநோய்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்த திருமணமானவர்களைக் கவனித்த ஓர் ஆய்வு வெளியானது. மனைவி நோயாளியாக இருந்த குடும்பங்களில் 20.8 சதவீதம் பிரிந்தன. கணவர் நோயாளியாக இருந்தால் 2.9 சதவீதம்தான். இந்த வேறுபாடு வேதனையானதுதான். ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள், நோயாளி மனைவியோடு ஐந்தில் நான்கு கணவர்கள் அங்கும் நின்றார்கள். டென்மார்க்கில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களைப் பார்த்தபோது அவர்களிடையே விவாகரத்து மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. ஆக, உங்கள் கணவர் செய்தது மிக நல்ல செயல். ஆனால் உலகத்தில் வேறு எவனும் செய்யாத அதிசயம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கைகட்டி நிற்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

நன்றியும் கடன்பட்ட உணர்வும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் இரண்டும் மனிதரைச் செய்ய வைப்பது வேறு வேறு. நன்றி வந்தால் அந்த ஆளிடம் நெருங்கத் தோன்றும். கடன் என்று வந்துவிட்டால் எப்படியாவது அடைத்துவிட்டு ஒதுங்கத்தான் தோன்றும். நெதர்லாந்தில் புற்றுநோயாளிகளையும் அவர்கள் துணைவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். நோயாளி தான் அதிகமாகப் பெற்றுவிட்டதாகக் குற்ற உணர்வில் இருக்கிறார், துணைவர் அதிகமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், இருவருக்கும் அது சரியாகப்படவில்லை. நோயாளி இந்த நிலைமையிலும் எதையெல்லாம் கொடுக்க முடிகிறது என்று இருவருமாகக் கண்டுபிடித்ததும் அந்தச் சுமை குறைந்தது. 2004-இல் வெளியான முடிவு இது.

நீங்கள் அனுப்பிய பக்கத்தின் கடைசி வரிகளில் ஒன்றைக் கவனித்தேன். ரேடியேஷனுக்குப் போய்வந்த வாரங்களில் கடையின் பாக்கிக் கணக்கை நீங்கள் படுத்தபடியே எழுதிக்கொடுத்ததாக ஒரு வரியில் சொல்லிவிட்டு, "அதுகூட சரியாகச் செய்யவில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். கடையைப் பாதி நாள் மூடி வைத்திருந்த மனிதருக்கு அந்தக் கணக்கு பெரிய உதவியாக இருந்திருக்கும். நீங்கள் வாங்கிக்கொண்டே மட்டும் இருக்கவில்லை.

நிலத்தை இப்போது எழுதிவைக்க வேண்டாம். வழக்கறிஞர் ஒருவரிடம் விவரமாகக் கேளுங்கள், நான் தெரிந்த அளவில் சொல்கிறேன். அம்மா நிபந்தனை எதுவும் வைக்காமல் எழுதியிருந்தால் அது முழுக்க உங்கள் சொத்து. செட்டில்மென்ட் பத்திரம் எழுதிப் பதிந்து அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் உங்கள் விருப்பத்துக்கு அதை ரத்து செய்ய முடியாது. உங்களுக்கு இன்னும் பல வருடம் மருத்துவச் செலவு இருக்கிறது, நோய் திரும்பினால் கைகொடுக்கப் போவதும் அந்த நிலம்தான். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருக்கு ஒன்றுமில்லாமல் போய்விடும் என்ற கவலையா? இந்து வாரிசுச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால், உயில் இல்லாவிட்டாலும் மகளுக்கும் கணவருக்கும் சமபங்கு உண்டு. வேறு மாதிரி வேண்டுமென்றால் உயில் எழுதலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இதையெல்லாம் விட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். தான் மனைவிக்குச் செய்த பணிவிடைக்கு விலைபோல ஒன்றரை ஏக்கரை நீட்டினால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும்?

கடிதத்தின் முதல் பக்கம்

உங்கள் பக்கத்திலிருந்து சில வரிகளை இங்கே தருகிறேன். "நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். ஏழு ஜென்மம் எடுத்தாலும் இந்தக் கடனைத் தீர்க்க முடியாது. நீங்கள் எனக்குத் தெய்வம்."

மனதிலிருந்து வந்தவைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். பாரம் என்கிறீர்கள், உடனே அவர் "இல்லை, இல்லை" என்று மறுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கிறீர்கள், அவர் தேற்ற வேண்டும். நன்றிக் கடிதம் என்று வந்தது அவருக்கு இன்னொரு வேலையாகிவிடுகிறது. தெய்வம் என்றுவேறு சொல்லிவிட்டால், "எனக்கு அலுத்துப்போச்சு, எனக்கும் பயமா இருக்கு" என்று அவர் எப்படிச் சொல்வார்? "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று அவர் எழுந்து போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தம்பதிகளின் நன்றியுணர்வைப் பல வருடமாக ஆராய்ந்துவருபவர் வட கரோலினா பல்கலைக்கழக உளவியலாளர் சாரா அல்கோ. நன்றி சொல்லும்போது "எனக்கு எவ்வளவு நல்லதாகப் போயிற்று" என்பதோடு நிறுத்திக்கொள்வதைவிட, "நீங்கள் செய்தது இது, அதில் உங்கள் குணம் இப்படித் தெரிந்தது" என்று எதிரில் இருப்பவரைப் பற்றிப் பேசும் நன்றிதான் அவரைத் தொடுகிறது என்று அல்கோவும் உடனிருந்தவர்களும் 2016-இல் காட்டினார்கள். நன்றாகச் சொல்ல வேண்டுமானால் அவர் செய்தது என்ன என்று உங்களுக்கே முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒரு மருத்துவராக நான் உதவ முடியும்.

அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். கீமோ மருந்து புற்றுநோய்ச் செல்லோடு சேர்த்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். மருந்து ஏறி சுமார் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை அவை மிகவும் கீழே இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. எதிர்த்து நிற்க உடம்பில் படையே இல்லாதபோது கிருமி ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் விதி. உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: இரண்டாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் ராத்திரி 101 காட்டியது, "காலையில் பார்க்கலாம்" என்று நீங்கள் சொன்னீர்கள், அவர் கேட்காமல் பக்கத்து வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்து உங்களை ஏற்றினார். அன்று காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியட்டும்.

டியூப் பாட்டிலும் அப்படித்தான். அக்குள் பகுதியில் நிணநீர்க் கட்டிகளை எடுத்த இடத்தில் நீர் கோக்கும், அதை வெளியேற்றத்தான் அந்த டியூப். தினம் எத்தனை மில்லி வருகிறது என்ற கணக்கை வைத்துத்தான் எப்போது எடுப்பது என்று அறுவைச் சிகிச்சை நிபுணர் முடிவு செய்வார். பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பார்கள். சீக்கிரம் எடுத்தால் மறுபடி நீர் கோக்கும், தேவைக்கு மேல் விட்டுவைத்தால் கிருமித் தொற்று வரலாம். உங்கள் கணவர் அளந்து எழுதிய எண்களை நம்பித்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

இதை வைத்து முதல் பக்கத்தை எழுதினால் இப்படி வரலாம். உங்கள் நடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"அந்த ஒன்பதாம் நாள் ராத்திரி காலையில் போகலாம் என்று சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன 100.4 உங்கள் மனதில் இருந்தது. அன்று போகாமல் இருந்திருந்தால் நான் இருந்திருக்கவே மாட்டேனோ என்னவோ. கடையில் நாலணா பாக்கியைக்கூட நீங்கள் மறந்ததில்லை, அதே கவனத்தோடு என் காய்ச்சலையும் எழுதி வைத்தீர்கள். நம் மகள் இன்று ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் எடுக்க நான் இருக்கிறேன். வேற கல்யாணம் பண்ணிக்கோங்க என்று அன்று நான் சொன்னது உங்களுக்கு வலித்திருக்கும். அன்று நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. எப்போதாவது சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்."

இதில் மன்னிப்பும் இல்லை, கடனும் இல்லை, அவர் மறுத்துப் பேச வேண்டிய வரியும் இல்லை. நாலு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். இப்படி இரண்டு மூன்று சம்பவங்கள் மட்டும் இருக்கட்டும். கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்காதீர்கள். கடைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிடுங்கள், அவர் தனியாக இருக்கும்போது படிப்பார். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து மேடைப் பேச்சுப்போல நன்றி சொல்வதெல்லாம் இவருக்கு ஆகாது.

கை, கட்டில், மாத்திரை டப்பா

அவருக்கு நீங்கள் இப்போது கொடுக்கக்கூடிய பெரிய விஷயம் அவர் தோளில் இருப்பதில் கொஞ்சத்தை இறக்கிவைப்பது. மாத்திரை எடுத்துக்கொடுப்பதும் செக்கப் நாளை ஞாபகம் வைப்பதும் ஆஸ்பத்திரி ஃபைலைச் சுமப்பதும் இன்னும் அவர்தான் என்று நினைக்கிறேன். தமாக்ஸிஃபென் குறைந்தது ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். முதல் மூன்று வருடத்தில் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப், வருடம் ஒருமுறை மற்ற மார்புக்கு மேமோகிராம். இந்தக் காலண்டர் இனி உங்கள் பொறுப்பு. அவரிடம் அதை வாயால் சொல்லுங்கள். அவர் ராத்திரியில் விழித்துக் கணக்குப் போடும் விஷயங்களில் ஒன்று குறையும்.

இடது கையால் எதையும் தூக்கக் கூடாது என்று யாராவது சொல்லி, குடத்தைக்கூடத் தொடாமல் இருக்கிறீர்களா? இது பழைய அறிவுரை. மார்பக அறுவைச் சிகிச்சை செய்த பெண்களுக்குப் பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கப் பழக்கினால் கைவீக்கம் அதிகமாவதில்லை என்று 2009-இலேயே ஆய்வில் தெரிந்தது. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வளையல் இறுகினால், கை கனத்தால் காட்டுங்கள். கை சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

தனிக் கட்டில் வெறுப்பினால்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஆபரேஷன் செய்த பக்கம் கை பட்டுவிடுமோ என்று பயந்து தள்ளிப் படுக்கும் கணவர்கள் நிறையப் பேர். காயம் ஆறி வெகு காலமான பிறகும், யாரும் "போதும், வாங்க" என்று சொல்லாததால் அங்கேயே படுத்திருப்பார்கள். அவராக வருவார் என்று நீங்களும், கூப்பிடுவாள் என்று அவரும் காத்திருக்க வேண்டாம். "இப்ப வலிக்கல, இந்தப் பக்கம் படுங்க" என்று நீங்களே சொல்லலாம். பக்கத்தில் படுப்பது என்றால் உடனே உறவு என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுங்கள், இருவருக்கும் பதற்றம் குறையும். கீமோவுக்குப் பிறகு மாதவிலக்கு நின்றிருந்தால் பிறப்புறுப்பு வறண்டு உறவின்போது வலி வரலாம். மருந்துக்கடையில் நீர் சார்ந்த ஜெல் கிடைக்கும், அதைத் தடவிக்கொள்ளலாம். ஹார்மோன் கலந்த க்ரீம் எதையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு எப்போது ரத்தம் பட்டாலும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள், தமாக்ஸிஃபென் சாப்பிடும்போது அதைப் பார்த்தே ஆக வேண்டும். நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம் இருவரில் யாருக்காவது இருந்தால், புற்றுநோய் தொடுவதாலோ உறவினாலோ தொற்றுவதில்லை.

இந்த மாதத்தில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், முதலில் செத்துப்போகத் தோன்றுகிறதா என்ற அந்தக் கேள்வியைக் கேட்பதும் அவருடைய ரத்தப் பரிசோதனையும். செக்கப் நாள் தள்ளியிருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், உங்கள் ஊர் டாக்டரிடமே ஆரம்பியுங்கள். கடிதத்தை அதற்காக நிறுத்திவைக்க வேண்டியதில்லை, எழுதி முடித்ததும் நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். படித்துவிட்டு அவர் ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம். "முதல்ல சாப்பிடு" என்று பேசும் மனிதர் அவர், ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ பேச்சில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரலாம். படித்தீர்களா என்று கேட்காதீர்கள். மனச்சோர்வு என்று உறுதியாகி மருந்து ஆரம்பித்திருந்தால், அவருடைய பதிலுக்கு ஆறு வாரமாவது பொறுத்திருங்கள். அதற்குள் தூக்கம் சரியாகவில்லை, எடை இன்னும் இறங்குகிறது என்றால் மருத்துவரை மறுபடி பாருங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்